பட்டை வரைபடமா, ஹிஸ்டோகிராமா? படத்தைப் பார்த்தே பிழையைப் பிடிக்கும் வழி

"சார், நடுவுல கேப் விட்டா பட்டை வரைபடம், ஒட்டி வரைஞ்சா ஹிஸ்டோகிராம். அவ்ளோதானே?"

புள்ளியியல் பாடம் தொடங்கி இரண்டு மூன்று வகுப்புகள் போவதற்குள் யாராவது ஒருவர் இப்படிக் கேட்டுவிடுவார். பதில் சொல்லத் தயங்குவேன். ஏனென்றால் அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்தான் தேர்வில் மதிப்பெண்ணை இழக்கிறார். ஒட்டியிருப்பது ஹிஸ்டோகிராமின் அடையாளம்தான். அது ஹிஸ்டோகிராம் ஆவதற்குக் காரணம் அதுவல்ல. காரணம் தெரியாமல் அடையாளத்தை மட்டும் வரைந்தால் என்னென்ன கோளாறு வரும் என்பதை, விடைத்தாள்களில் நான் அடிக்கடி பார்க்கும் படங்களை வைத்தே சொல்கிறேன். உங்கள் படம் எதைப் போல இருக்கிறதோ, அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

அதற்கு முன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஹிஸ்டோகிராமுக்குத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகப் பெயர் நிகழ்வுச் செவ்வகம். இலங்கையில் வலையுருவரையம் என்பார்கள். வகுப்பில் எல்லோர் வாயிலும் வருவது ஹிஸ்டோகிராம் என்பதால் நானும் அதையே எழுதுகிறேன். இன்னொரு சிக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. 10–20 என்பதைப் 'பிரிவு இடைவெளி' என்கிறோம். இரண்டு பட்டைகளுக்கு நடுவில் விடும் வெற்றிடத்தையும் 'இடைவெளி' என்றே சொல்கிறோம். "ஹிஸ்டோகிராமில் இடைவெளி இருக்குமா, இருக்காதா?" என்று கேட்டால் பிள்ளை திருதிருவென்று முழிப்பதில் தப்பே இல்லை. அதனால் பட்டைகளுக்கு நடுவில் இருப்பதை இந்தக் கட்டுரையில் 'சந்து' என்றே சொல்லப்போகிறேன்.

படம் 1: பட்டைகள் ஒட்டியிருக்கின்றன, கீழே பஸ், சைக்கிள், நடை என்று எழுதியிருக்கிறது

பிழை இருக்கிறது. இது பட்டை வரைபடம். சந்து விட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். பட்டைகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப்போட்டுப் பாருங்கள். சைக்கிளை முதலில் வைத்து, நடையை நடுவில் வைத்து, பஸ்ஸைக் கடைசிக்குத் தள்ளுங்கள். படம் சொல்லும் செய்தி மாறியதா? இல்லை. பஸ்ஸில் வருபவர் 18 பேர் என்றால், அந்தப் பட்டை எங்கே நின்றாலும் 18 பேர்தான். கலைத்தாலும் கெடாத படம் பட்டை வரைபடம். இதையே 140–145 செ.மீ., 145–150 செ.மீ. என்று உயரம் போட்ட படத்தில் செய்ய முடியாது. 150–155-ஐத் தூக்கி 140–145-க்கு முன்னால் வைத்தால் அளவுகோலையே உடைத்து மாற்றி ஒட்டியது போலாகும்.

பட்டை வரைபடம் பிறந்த கதையிலேயே இது தெரியும். 1786-இல் வில்லியம் பிளேஃபேர், ஸ்காட்லாந்து எந்தெந்த நாட்டோடு எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி செய்தது என்று படம் போட நினைத்தார். மற்ற கணக்குகளையெல்லாம் ஆண்டுவாரியாகக் கோடு இழுத்துக் காட்டியவர் அவர். ஸ்காட்லாந்துக்கோ ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் கையில் இருந்தது. கோடு இழுக்க வழியில்லாமல் நாட்டுக்கு ஒரு ஜோடிப் பட்டை வரைந்தார். அயர்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் பாதி நாடு என்று ஒன்று கிடையாது. ஆகவே பட்டைகளுக்கு நடுவில் சந்து இருப்பது இயல்பு. அங்கே எதுவுமே இல்லை என்பதைத்தான் அந்தச் சந்து சொல்கிறது.

ஹிஸ்டோகிராம் என்ற பெயரை நூறாண்டுக்குப் பிறகு, 1890-களில், கார்ல் பியர்சன் வைத்தார். 145 செ.மீ.-க்கும் 150 செ.மீ.-க்கும் நடுவில் உயரங்கள் விடாமல் தொடர்கின்றன. ஒரு பிரிவு முடியும் இடத்தில்தான் அடுத்தது தொடங்குகிறது. அதனால் சந்துக்கு அங்கே இடமே இல்லை. ஒட்ட வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டதால் ஒட்டவில்லை. கீழே இருப்பது அளவுகோல் என்பதால் தானாக ஒட்டிக்கொள்கிறது.

படம் 2: எண் பிரிவுகள்தான், ஆனால் பட்டைகளுக்கு நடுவில் மெல்லிய சந்து விழுகிறது

கேள்வியில் பிரிவுகள் 141–145, 146–150, 151–155 என்று கொடுத்திருப்பார்கள். மாணவர் நேர்மையாக அளவுகோலில் 145-இல் ஒரு பட்டையை முடித்து, 146-இல் அடுத்ததைத் தொடங்கியிருப்பார். நடுவில் ஓர் அலகு சந்து. "கேப் இருக்கே, அப்ப இது பட்டை வரைபடமோ?" என்று குழம்பி, பெயரையே மாற்றி எழுதிவிட்டவர்களும் உண்டு.

தரவு தொடர்ச்சியானதுதான், பிரிவுகளை எழுதிய முறைதான் அப்படி. உயரத்தை அருகிலுள்ள செ.மீ.-க்கு முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள். 145.3 செ.மீ. உள்ள பெண் 145 என்றும், 145.8 உள்ளவர் 146 என்றும் பதிவாகியிருப்பார்கள். ஆகவே 141–145 என்ற பிரிவில் உண்மையில் நிற்பவர்கள் 140.5 முதல் 145.5 வரை உள்ளவர்கள். திருத்தம் எளிது. ஒரு பிரிவின் மேல் எல்லைக்கும் அடுத்ததன் கீழ் எல்லைக்கும் உள்ள வித்தியாசம் 1. அதில் பாதி 0.5. கீழ் எல்லைகளில் 0.5 கழித்து, மேல் எல்லைகளில் 0.5 கூட்டினால் 140.5–145.5, 145.5–150.5, 150.5–155.5 என்று வரும். சந்து போய்விடும்.

இங்கே இரண்டு குறுக்குவழிகள் நடமாடுகின்றன, இரண்டும் தப்பு. ஒன்று, சந்து தெரியாதபடி பட்டையைக் கொஞ்சம் தடிமனாக வரைந்துவிடுவது. இன்னொன்று, 146-ஐ 145 என்று திருத்தி 141–145, 145–150, 150–155 என்று எழுதுவது. இப்படிச் செய்தால் முதல் பிரிவின் அகலம் 4, மற்றவற்றின் அகலம் 5 ஆகிவிடும். யாரும் கவனிக்காத இடத்தில் அகலம் மாறிவிட்டது. அது ஏன் பெரிய விஷயம் என்பது அடுத்த படத்தில் தெரியும்.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். வயதுக்கு இந்த 0.5 பொருந்தாது. பதினான்கு வயது முடிந்து பதினோரு மாதமானவரிடம் வயதைக் கேட்டால் "பதினாலு" என்றுதான் சொல்வார். வயதை நாம் முழுமையாக்குவதில்லை, மிச்சத்தை வெட்டிவிடுகிறோம். எனவே 10–14 வயது என்றால் 10 முதல் 15-ஐத் தொடும் வரை. அங்கே எல்லைகள் 10–15, 15–20 என்றுதான் வர வேண்டும். பாடப்புத்தகக் கணக்கில் வயதுக்கும் 0.5 போடச் சொல்லியிருந்தால் தேர்வுக்கு அப்படியே போட்டுவிடுங்கள். ஆனால் ஏன் இது சரியில்லை என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

படம் 3: எல்லாம் ஒட்டியிருக்கிறது, அளவுகோலும் சரி, ஆனாலும் படம் பொய் சொல்கிறது

இதுதான் மோசமான கோளாறு. பார்த்தால் பிழை தெரியாது. கேட்டால் "சந்து இல்லையே சார்" என்பார்கள். பிரிவுகளின் அகலம் சமமில்லாதபோது இது வரும்.

ஒரு வகுப்பில் 40 பேர். வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டு எழுதிய கற்பனைக் கணக்கு இது:

| நிமிடங்கள் | மாணவர்கள் |
|---|---|
| 0–10 | 8 |
| 10–15 | 9 |
| 15–20 | 7 |
| 20–30 | 10 |
| 30–60 | 6 |

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். கிடை அச்சில் 0 முதல் 60 வரை சரியாக அளந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய அகலத்தில், 8, 9, 7, 10, 6 என்ற உயரங்களில் செவ்வகங்களை ஒட்டி வரைவார்கள். அந்தப் படத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். கண்ணில் முதலில் படுவது வலப்பக்கம் படுத்துக்கிடக்கும் பெரிய செவ்வகம், 30–60. இந்த வகுப்பில் நிறையப் பேர் தூரத்திலிருந்து வருகிறார்கள் போல என்று தோன்றும். அதன் பரப்பு 30 × 6 = 180. மற்றவை 80, 45, 35, 100. மொத்தம் 440. அதாவது படத்தில் மை பூசிய இடத்தில் 41 விழுக்காடு அந்த ஆறு பேருக்குப் போய்விட்டது. வகுப்பில் அவர்களின் பங்கோ 40-இல் 6, வெறும் 15 விழுக்காடு.

கண் உயரத்தை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. இடத்தை மொத்தமாகப் பார்க்கிறது. ஹிஸ்டோகிராம் அதற்கேற்பக் கட்டப்பட்டது. அதில் எண்ணிக்கையைச் சொல்வது செவ்வகத்தின் பரப்பு. பட்டை வரைபடத்தில் எல்லாப் பட்டையும் ஒரே அகலம், அகலத்துக்குப் பொருளும் கிடையாது; அங்கே உயரம் மட்டும் பேசும். இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான், சந்து அல்ல.

திருத்துவது எப்படி? மிகச் சிறிய அகலம் எது என்று பாருங்கள்: 5 நிமிடம். ஒவ்வொரு நிகழ்வெண்ணையும் அந்தப் பிரிவின் அகலத்தால் வகுத்து, 5-ஆல் பெருக்குங்கள்.

```
உயரம் = (நிகழ்வெண் ÷ பிரிவின் அகலம்) × 5

 0–10 :  8 ÷ 10 × 5 = 4
10–15 :  9 ÷  5 × 5 = 9
15–20 :  7 ÷  5 × 5 = 7
20–30 : 10 ÷ 10 × 5 = 5
30–60 :  6 ÷ 30 × 5 = 1
```

இப்போது 4, 9, 7, 5, 1 என்ற உயரங்களில் வரையுங்கள். படம் தலைகீழாக மாறிவிடும். முன்பு மிக உயரமாக நின்றது 20–30. இப்போது சிகரம் 10–15-இல் நிற்கிறது. 20–30-இல் பத்துப் பேர் இருந்தாலும் அவர்கள் பத்து நிமிட நீளத்தில் பரவியிருக்கிறார்கள். 10–15-இல் ஒன்பது பேர் ஐந்து நிமிடத்துக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நெருக்கம் எங்கே என்று கேட்டால் ஹிஸ்டோகிராம் காட்டுவது அந்த இடத்தைத்தான். 30–60 தரையோடு தரையாக நீண்ட வால் போலக் கிடக்கும்.

சரியாக வரைந்தீர்களா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி கட்டம் எண்ணுவது. கிராஃப் தாளில் கிடையாக 1 செ.மீ. = 5 நிமிடம், செங்குத்தாக 1 செ.மீ. = 1 என்று அளவுத்திட்டம் எடுங்கள். அப்போது ஒரு சென்டிமீட்டர் சதுரம் ஒரு மாணவர். 30–60 செவ்வகம் 6 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரம்: ஆறு சதுரம், ஆறு பேர். 20–30 செவ்வகம் 2 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம்: பத்துச் சதுரம், பத்துப் பேர். எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 40 சதுரம் வர வேண்டும். தவறாக வரைந்த படத்தில் இதே கூட்டல் 88 சதுரம் என்று வரும். வகுப்பில் 40 பேர்தான் இருக்கிறார்கள், மிச்சம் 48 பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டாலே போதும், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு வரைவார்கள்.

உயரத்தைத் திருத்தியவர்கள்கூட ஒரு இடத்தில் கோட்டை விடுகிறார்கள். செங்குத்து அச்சில் 'மாணவர்கள் எண்ணிக்கை' என்றே எழுதிவிடுகிறார்கள். 30–60-க்கு நேராக 1 என்று நிற்கிறது. அங்கே ஒருவர்தான் இருக்கிறாரா? இல்லை. அச்சில் '5 நிமிடத்துக்கு எத்தனை மாணவர்கள்' என்று எழுத வேண்டும். மேல்வகுப்புகளில் 5-ஆல் பெருக்காமல் வகுத்ததோடு நிறுத்தி, நிகழ்வெண் அடர்த்தி என்பார்கள். அப்போது உயரங்கள் 0.8, 1.8, 1.4, 1, 0.2. படத்தின் வடிவம் அதேதான்.

எல்லாப் பிரிவும் சம அகலத்தில் இருந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம், நிகழ்வெண்ணையே உயரமாக வைக்கலாம். பள்ளிக் கணக்குகளில் பெரும்பாலும் சம அகலம்தான் வருகிறது. பரப்பு என்ற விஷயமே கண்ணில் படாமல் போவதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: கடைசிப் பிரிவு '60-க்கு மேல்' என்று இருந்தால் அகலம் தெரியாது, அகலம் இல்லாமல் பரப்பும் இல்லை. ஹிஸ்டோகிராம் வரைய அதற்கு ஒரு மேல் எல்லையை நியாயமாக அனுமானித்து, அனுமானம் என்று எழுதிவிட வேண்டும். பட்டை வரைபடத்தில் இந்தத் தொல்லை இல்லை.

படம் 4: எக்செல் போட்டுக் கொடுத்த படம்

கணினி ஆய்வகத்தில் மூன்று விதமான குழப்பங்கள் வரும்.

மாணவர் ஒருவருக்கு ஒரு பட்டை வீதம் நாற்பது பட்டைகள் நின்றால், மூல மதிப்பெண்களைத் தேர்ந்தெடுத்து Column chart போட்டிருக்கிறீர்கள். அது 40 தனி எண்களின் பட்டை வரைபடம். பட்டைகளை ஒட்டவைத்தாலும் ஹிஸ்டோகிராம் ஆகாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கையால் எண்ணி வைத்த 8, 9, 7, 10, 6 என்ற ஐந்து எண்களைத் தேர்ந்தெடுத்து Histogram போடுவது. எக்செல் அந்த ஐந்தையும் ஐந்து மாணவர்களின் அளவுகள் என்று நினைத்து அவற்றையே பிரிவுகளாக்கிவிடும். அடையாளம் எளிது: எல்லாச் செவ்வகங்களின் உயரத்தையும் கூட்டுங்கள். 40 வர வேண்டிய இடத்தில் 5 வந்தால் விஷயம் இதுதான். எக்செலின் Histogram வரைபடத்துக்கு மூலத் தரவைத்தான் கொடுக்க வேண்டும். எண்ணும் வேலையை அது செய்துகொள்ளும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. 25–35 என்ற பிரிவில் 35 சேராது, அது 35–45-இல் சேரும் என்று நாம் படித்திருக்கிறோம். எக்செலின் Histogram இதற்கு எதிர்ப்புறம் போகிறது. கீழே `[25, 35]`, `(35, 45]` என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சதுர அடைப்பு இருக்கும் எண் உள்ளே, வளைந்த அடைப்பு இருக்கும் எண் வெளியே. அதாவது சரியாக 35 எடுத்தவர் இடப்பக்கச் செவ்வகத்தில் விழுகிறார். தேர்ச்சி மதிப்பெண் 35 என்னும்போது, பாஸானவரைப் படம் ஃபெயில் பக்கம் தள்ளிவிடுகிறது. கையால் வரைந்த படமும் எக்செல் படமும் ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் இந்த எல்லை எண்களைப் பார்க்க வேண்டும்.

நான் செய்வது, எண்ணிக்கையை நானே எடுத்துக்கொள்வது:

```
=COUNTIFS(A2:A41,">=35",A2:A41,"<45")
```

ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி எடுத்து, Column chart போட்டு, Format Data Series-இல் Gap Width-ஐ 0% ஆக்கினால் சந்து மறைந்துவிடும். ஆனால் பிரிவுகள் சம அகலமாக இருந்தால் மட்டுமே இந்த வழி. Column chart எல்லாப் பட்டைக்கும் ஒரே அகலம்தான் கொடுக்கும். 30–60-ஐயும் 10–15-ஐயும் ஒரே தடிமனில் வரைந்துவிடும். எக்செலின் Histogram-உம் பிரிவுகளைச் சம அகலத்தில்தான் வெட்டும். நம்முடைய பள்ளி நேரக் கணக்கு போன்றதற்குக் கிராஃப் தாளே நல்லது.

படம் 5: கீழே 0, 1, 2, 3, 4 என்று இருக்கிறது, எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை

உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், வீட்டில் எத்தனை சைக்கிள் போன்ற கணக்குகள். எண்கள்தான், வரிசையும் உண்டு, கலைத்துப் போட முடியாது. அதனால் ஹிஸ்டோகிராம் என்று தோன்றும். ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை அண்ணன் கிடையாது. பள்ளி அளவில் இதற்குச் சந்து விட்ட பட்டை வரைபடமே சரி, வரிசையை மட்டும் மாற்றக் கூடாது.

சிக்கல் எப்போது வரும் என்றால், மதிப்பெண் போன்றவற்றில். 67-க்கும் 68-க்கும் நடுவில் மதிப்பெண் இல்லை என்றாலும் 0–10, 10–20 என்று தொகுத்து ஹிஸ்டோகிராம் வரையச் சொல்கிறார்கள். இது முரண்பாடு இல்லையா என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். முரண்பாடுதான். நூறு படிகள் உள்ள அளவுகோலில் ஒரு படி அவ்வளவு சின்னது என்பதால் தொடர்ச்சியானது போலவே நடத்துகிறோம். நான்கே படிகள் உள்ள உடன்பிறந்தோர் கணக்கில் அப்படி நடத்த முடியாது. எத்தனை படியிலிருந்து தொடர்ச்சி என்று கோடு போட்டுக் காட்ட எந்தச் சூத்திரமும் இல்லை. கேள்வியில் பிரிவுகளாகத் தொகுத்துக் கொடுத்திருந்தால் ஹிஸ்டோகிராம், ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக எண்ணிக்கை கொடுத்திருந்தால் பட்டை வரைபடம் என்று அவளுக்குச் சொன்னேன்.